பத்து ரூபா பாட்டு: அறக்கட்டளைக்கு நிதி திரட்டும் பாடலைக் கட்டும் முறை

நிதி கேட்கும் பாட்டு நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்லி, உண்டியலில் மட்டும் ஒன்றும் விழாமல் போவது அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கேட்டவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று பாட்டு சொல்லவில்லை. "கை கொடுப்போம், ஒளி ஏற்றுவோம்" என்று முடிந்த பாட்டைக் கேட்டவர் கைதட்டிவிட்டுப் போய்விடுவார். எவ்வளவு, யாருக்கு, எதற்கு என்ற மூன்றும் பல்லவியிலேயே இருக்க வேண்டும். அந்தப் பல்லவியைக் கேட்டவர் இரண்டாம் முறையிலேயே கூடப் பாட வேண்டும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த நாலு வரிப் பல்லவியைப் பற்றியதுதான். அது சரியாக அமைந்தால் மற்ற வேலை எளிது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்தே முழுவதையும் பார்ப்போம். தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேருக்குப் பள்ளி விட்ட பிறகு மாலை வகுப்பு நடத்துகிறது. காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. இந்தப் பிள்ளைகளுக்கு மதியம் சத்துணவு உண்டு, ஆனால் அதற்குப் பிறகு இரவுச் சோறுதான். ஆறு மணிக்குக் கணக்குப் போடும்போது வயிறு காலி. அந்த நேரத்துக்கு ஆளுக்கொரு கிண்ணம் சுண்டல் கொடுக்கப் பணம் வேண்டும்.

முதலில் கணக்கு, பிறகு பாட்டு

ஒரு பிள்ளைக்கு ஒரு சாயங்காலம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடாமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். காய்ந்த கொண்டைக்கடலை ஆளுக்கு 40 கிராம். கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் 4 ரூபாய். எண்ணெய், கடுகு, மிளகாய், தேங்காய்க்கு ஒன்றரை ரூபாய். கேஸுக்கும் சமைக்கும் அம்மாவின் கூலிக்கும் சேர்த்து மூன்றரை ரூபாய். தொன்னைக்கு ஒரு ரூபாய். ஆக மொத்தம் 10 ரூபாய். விலைகளை உங்கள் ஊர்க் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கடைசியில் வருவது ஒரே சொல்லில் சொல்லக்கூடிய தொகையாக இருக்கட்டும். 9 ரூபாய் 60 காசு என்று வந்தால் 10 என்று வைத்துக்கொண்டு, மிச்சத்தில் கடலையைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.

30 பிள்ளை, பத்து ரூபாய் என்றால் ஒரு சாயங்காலத்துக்கு 300. மாதம் 22 நாள், 10 மாதம் என்றால் 220 சாயங்காலம், மொத்தம் 66,000 ரூபாய். இந்த 66,000 கணக்குத் தாளில் இருக்கட்டும், பாட்டில் வர வேண்டாம். சந்தையில் நிற்கும் ஒருவருக்கு 66,000 என்பது தன்னால் ஆகாத தொகை. பத்து ரூபாய் சில்லறைத் தொகை. சட்டைப் பையில் அப்போதே இருக்கும்.

அறக்கட்டளையின் நோக்கங்கள் பத்து இருக்கலாம். மரம் நடுகிறீர்கள், ரத்ததான முகாம் நடத்துகிறீர்கள் என்று எல்லாவற்றையும் இந்தப் பாட்டில் ஏற்றாதீர்கள். ஒரு பாட்டுக்கு ஒரு வேண்டுகோள். அறக்கட்டளையின் பெயரையும் பல்லவியில் வைக்க வேண்டாம். அறக்கட்டளைப் பெயர்கள் பெரும்பாலும் நீளமானவை, மெட்டில் உட்காராது. பெயரைப் பேச்சில் சொல்லிக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் தானம் பற்றி எழுத உட்கார்ந்தாலே அதியமானும் நெல்லிக்கனியும் தானாக வந்து நிற்கும். அழகான நினைவுதான். ஆனால் அது இரண்டு வரியைப் பிடித்துக்கொள்ளும். கேட்பவர் மனம் சங்க காலத்துக்குப் போய்விடும், சுண்டல் மறந்துவிடும்.

பல்லவியைக் கட்டுதல்

முதலில் எழுத வருவது இப்படித்தான் இருக்கும்: "பத்து ரூபா குடுங்கம்மா". சொல்லிப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. மெட்டில் வைத்துப் பாடச் சொன்னால், பத்துப் பேரில் ஆறேழு பேர் "பத்து ரூபா கூடுங்கம்மா" என்று பாடுவார்கள். கேட்பவருக்கு "கூட்டமாகச் சேருங்கள்" என்று காதில் விழும். பாடியவர் மேல் தப்பில்லை. மெட்டு நீட்டச் சொல்லும் இடத்தில் "கு" என்ற குறில் இருக்கிறது. குறிலை நீட்டினால் நெடில் ஆகிவிடும். தமிழில் அது வேறு சொல். கல் கால் ஆகும், குடை கூடை ஆகும், படி பாடி ஆகும். மெட்டு நீளும் இடத்தில் நெடிலோ, மெய்யெழுத்தில் முடியும் துண்டோதான் இருக்க வேண்டும். புதிதாக எழுதுபவர்களின் பாட்டில் சொல் புரியாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

யாப்பின் சொல்லில் சொன்னால், "குடுங்" நிரையசை, இரண்டு எழுத்து ஒரே இடத்தில் நெருங்கி உட்கார வேண்டியிருக்கிறது. கூட்டம் பாடும் பல்லவியை முழுவதும் நேரசையில், அதாவது ஓர் எழுத்து தனித்தோ மெய்யோடு சேர்ந்தோ நிற்கும் அசையில், அமைத்தால் இந்தச் சிக்கல் வராது. "குடுங்கம்மா" இருந்த இடத்தில் "தாங்கம்மா" என்று மாற்றினோம். தா நெடில். எவ்வளவு இழுத்தாலும் தாதான். முழுப் பல்லவி இப்படி:

பத்து ரூபா தாங்கம்மா
பள்ளிப் புள்ளைக் காகத்தான்
சுண்டல் தின்னு தெம்பானா
சொன்ன பாடம் ஏறும்மா

ஒவ்வொரு வரியும் ஏழு நேரசை. பத், து, ரூ, பா, தாங், கம், மா என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். மெட்டில் வரிக்கு எட்டு இடம், எட்டாவது காலி. அங்கே கடைசி எழுத்து நீளும், பாடுபவர் மூச்சும் எடுத்துக்கொள்வார். அந்த இடம் இல்லாமல் எட்டையும் நிரப்பினால், மூன்றாம் வரிக்குள் குழந்தைகளுக்கு மூச்சு வாங்கும், வரிக் கடைசியை விழுங்கிவிடுவார்கள்.

வரிகள் எதில் முடிகின்றன என்றும் கவனியுங்கள். மா, தான், னா, மா என்று எல்லாம் வாயைத் திறந்து பாடும் "ஆ" ஓசை. "படிக்கட்டும்", "கொடுத்திடு" என்று முடித்தால் உதடு மூடும், ஓசை உள்ளே போகும். மைக் இல்லாத இடத்தில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். முதல் இரண்டு வரிக்குப் பத்து, பள்ளி என்று மோனை. அடுத்த இரண்டுக்குச் சுண்டல், சொன்ன என்று மோனை. இது அழகுக்காக மட்டும் அல்ல. முதல் வரியைப் பாடியவருக்கு அடுத்த வரி எந்த எழுத்தில் தொடங்கும் என்று நாக்கே எடுத்துக்கொடுக்கும்.

தொகை உயர்ந்தால் என்ன செய்வது என்று இப்போதே பார்த்து வையுங்கள். "நூறு ரூபா தாங்கம்மா" என்று மாற்றினால் அசை சரியாக உட்காரும், மோனை மட்டும் போகும். "அம்பது" என்றோ "இருபது" என்றோ வைத்தால் அசையே இடிக்கும். அதனால் விலை ஏறும் காலத்தில் பத்து ரூபாயை மாற்றாமல், தட்டைப்பயறு, வேர்க்கடலை என்று கிண்ணத்தில் இருப்பதை மாற்றிச் சமாளிப்பது நல்லது.

மெட்டு

மோகன ராகத்தின் ஸ ரி க ப த ஐந்து சுரமே போதும். அரைச் சுர இடைவெளி இல்லாததால் பாடத் தெரியாதவரும் சுருதி விலகாமல் பாடுவார். ஒரு வரிக்கு நாலு தட்டு, ஒரு தட்டுக்கு இரண்டு அசை. காற்புள்ளி இருக்கும் இடத்தில் முந்தின சுரம் நீளும்.

```
ஸ ரி | க க | ப க | க ,
க க | ரி க | ரி ஸ | ரி ,
க ப | த த | ப த | ப ,
ப க | ரி க | ரி ரி | ஸ ,
```

"தாங்" என்ற இடத்தில் முதல் வரி ப வரை ஏறுகிறது. கேட்கும் சொல்தான் அந்த வரியின் உச்சம். மூன்றாம் வரி த வரை போகிறது, நாலாவது வீட்டுக்கு வந்து ஸ-வில் உட்காருகிறது. இரண்டாம் வரியை ரி-யில் நிறுத்தியிருப்பதற்கும் காரணம் உண்டு. அங்கே ஸ-வில் நின்றால் பாட்டு முடிந்துவிட்டது என்று கூட்டம் கைதட்டத் தொடங்கிவிடும்.

சுருதி 2 கட்டை. இதில்தான் பலரும் தவறுகிறார்கள். பாட்டுக் கற்ற பெண் ஒருவர் முன்னின்று பாடினால், பழக்கத்தில் 5 கட்டையில் தொடங்குவார். ஆண்கள் அதே இடத்தில் பாட முயன்றால் கத்த வேண்டும், கீழே இறங்கினால் முனக வேண்டும், அதனால் வாயை மூடிக்கொள்வார்கள். 2 கட்டையில் ஸ முதல் த வரை என்றால், பெண்களும் பிள்ளைகளும் ஒரு ஸ்தாயியிலும் ஆண்கள் அதற்குக் கீழ் ஸ்தாயியிலும் சிரமமில்லாமல் பாடலாம். ஹார்மோனியம் வாசிப்பவரிடம் இதை ஒத்திகைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

வேகம் நிமிடத்துக்கு 80 தட்டு. அப்படி என்றால் ஒரு வரி 3 நொடி, பல்லவி 12 நொடி. 100க்குப் போனால் "சொன்ன பாடம்" குழறும். பம்பைக்காரர் உற்சாகத்தில் வேகத்தை ஏற்றிக்கொண்டே போவார், அது அந்த வாத்தியத்தின் இயல்பு. தட்டு எண்ண ஒருவரை அவருக்கு எதிரே நிற்க வையுங்கள்.

சரணத்தில் சொல்ல வேண்டியது

சரணத்தை ஒருவர் பாடினால் போதும். அதனால் நிரையசை வந்தாலும் பரவாயில்லை. சரணத்தின் வேலை, சுண்டல் ஏன் வேண்டும் என்று தகவலாகச் சொல்வது.

மத்தியானம் சத்துணவு
மாலைக் குள்ள கரைஞ்சிருக்கும்
ஏழு மணிக்கு வகுப்புவிடும்
எட்டு மணிக்கு வீடுவரும்

இதில் ஏழை, பாவம், அனாதை, கண்ணீர் என்ற சொற்கள் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். இந்தப் பாட்டை அந்தப் பிள்ளைகளே மேடையில் பாடும் நாள் வரும். "பசியில வாடும் ஏழை நாங்க" என்று தன் வாயால், கூடப் படிப்பவர்கள் முன்னால் பாடிய பிள்ளை அடுத்த நாள் சுண்டல் கிண்ணத்தை வாங்கக் கூசும். மணிக்கணக்கைச் சொன்னாலே கேட்பவருக்குப் புரியும். பிள்ளைகளின் முகம் வீடியோவில் வருவதாக இருந்தால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கடலை ஊறுவதையும், தாளிப்பதையும், கிண்ணங்கள் வரிசையாக நிரம்புவதையும் எடுத்தாலே வீடியோவுக்குப் போதும்.

முழுப் பாட்டின் வரிசை: பல்லவி இரண்டு முறை, ஒரு சரணம், பல்லவி, இன்னொரு சரணம், கடைசியில் பல்லவி இரண்டு முறை. சரணத்தின் நாலு வரியையும் இரண்டு தரம் பாடினால் மொத்தம் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். பல்லவியில்தான் தொடங்க வேண்டும். நீண்ட இசை முன்னுரை வைத்தால் பேருந்து நிலையத்தில் நிற்பவர் பல்லவி வருவதற்குள் பஸ் ஏறிவிடுவார்.

சோதித்துப் பார்க்கும் முறை

பாட்டைக் கேட்டே இராத பத்துப் பேரை உட்கார வையுங்கள். அறக்கட்டளைக்காரர்களும் அவர்கள் வீட்டாரும் வேண்டாம். பல்லவியை இரண்டு முறை பாடுங்கள், மூன்றாம் முறை அவர்களைப் பாடச் சொல்லுங்கள். ஏழு பேராவது வரி தவறாமல் பாடினால் சரி. ஒரே இடத்தில் மூன்று பேர் தடுக்கினால் அந்தச் சொல்லை மாற்றுங்கள். அவர்களைத் திரும்பத் திரும்பப் பாட வைத்துப் பழக்கிவிடாதீர்கள். சந்தையில் அப்படிப் பழக்க நேரம் கிடைக்காது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பாட்டு உங்ககிட்ட என்ன கேக்குது?" "ஒரு புள்ள சுண்டலுக்குப் பத்து ரூபா" என்று பதில் வர வேண்டும். "ஏழைகளுக்கு உதவச் சொல்லுது" என்று வந்தால் பல்லவி இன்னும் வேலை செய்யவில்லை.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாடுவதாக இருந்தால், வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்களையும் இந்தச் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். "பத்து" என்று பாடும்போது இரண்டு கையின் பத்து விரலையும் விரித்துக் காட்டினால் மொழி தெரியாதவருக்கும் தொகை போய்ச் சேரும். தொலைவில் நிற்பவருக்கும் உதவும்.

மெட்டு யாருடையது, உரிமை யாருடையது

சினிமா மெட்டில் சொல்லை மாற்றிப் போடுவது எளிதான வழியாகத் தெரியும். அறப்பணி என்றாலும் அதற்கு உரிமையாளரின் அனுமதி தேவை. யூடியூபில் ஏற்றினால் உரிமை கோரல் வந்து, பாட்டு ஒலியில்லாமல் போகவோ முடக்கப்படவோ கூடும். நிதி திரட்டும் வாரத்தில் அது நடந்தால் எல்லாம் நின்றுபோகும். சொந்த மெட்டைப் போடுங்கள், இல்லையென்றால் ஊரில் வழிவழியாக வரும் கும்மி, கோலாட்ட மெட்டை எடுத்து நீங்களே பாடிப் பதிவு செய்யுங்கள்.

பாட்டெழுதியவர், மெட்டமைத்தவர் இருவரிடமும் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். அதனால் எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு என்ற இரண்டையும் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

பணம் வரும் வழி

யுபிஐ க்யூஆர் கோடு அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு இருக்க வேண்டும். செயலாளரின் சொந்தக் கணக்கு கூடாது. ஸ்கேன் செய்தவுடன் திரையில் பெயர் வரும். மேடையில் சொன்ன பெயரும் அதுவும் ஒன்றாக இல்லாவிட்டால் பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள், அது நியாயமும்கூட. க்யூஆர் கோடு உருவாக்கும்போது தொகையை வைக்காதீர்கள்:

```
upi://pay?pa=UPI_ID&pn=NAME&cu=INR
```

இதன் கடைசியில் `&am=10` என்று சேர்த்தால் பத்து ரூபாய் தானாக வந்துவிடும். ஆனால் பல செயலிகளில் அதை மாற்ற முடியாது. முப்பது பிள்ளைக்கும் சேர்த்து 300 கொடுக்க நினைப்பவரை நாமே தடுத்ததாகிவிடும். அச்சிடும் அளவுக்கு ஒரு எளிய கணக்கு: எத்தனை தூரத்திலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டுமோ அதில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 20 செ.மீ. சதுரம்.

பாட்டு வாட்ஸ்அப்பில் பரவி வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களிடம் போகும். இந்தியக் குடியுரிமை உள்ளவர் அங்கிருந்து தன் பணத்தை அனுப்பினால் சிக்கல் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரின் பணம் வெளிநாட்டு நிதியாகக் கருதப்படும். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது. வீடியோவின் அடியில் இதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

சந்தையில் பாடும் நாள்

காரிமங்கலம் போன்ற வாரச்சந்தையோ, கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியோ, எங்கே பாடுவதானாலும் இடத்துக்கு உரியவரிடம் அனுமதியும், ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதியும் வாங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது.

தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் வரியை வாங்கித் திருப்பிப் பாடுவதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதே முறையில் பல்லவியைக் கற்றுக்கொடுங்கள். முன்பாடுபவர் ஒரு வரி, குழு அதே வரி. முதல் சுற்றில் குழு மட்டும் பாடும், இரண்டாம் சுற்றில் கூட்டமும் சேரும். குழுவில் நாலு பேரைக் கூட்டத்துக்கு நடுவே நிற்க வையுங்கள். பக்கத்தில் ஒருவர் பாடினால்தான் வெட்கம் விட்டுப் பாடுவார்கள்.

முழுப் பாட்டு முடிந்ததும் வாத்தியத்தை நிறுத்துங்கள். அறக்கட்டளையின் பெயரையும், மாலை வகுப்பு நடக்கும் இடத்தையும், பணம் எதற்கு என்பதையும் இரண்டே வாக்கியத்தில் ஒருவர் சொல்லட்டும். உடனே பல்லவியை மட்டும் திரும்பத் தொடங்கி, பாடிக்கொண்டிருக்கும்போதே உண்டியலைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். அமைதியில் உண்டியல் வந்தால் கொடுப்பவருக்கும் கூச்சம், கொடுக்காதவருக்கும் கூச்சம். முத்திரையிட்ட உண்டியல், ஒன்றுக்கு இரண்டு பேர். எண்ணும்போது வெளியாள் ஒருவரையும் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

எண்ணிய தொகையை ரூபாயில் மட்டும் அறிவிக்காமல் பாட்டின் கணக்கிலும் சொல்லுங்கள். 18,400 ரூபாய் வந்திருந்தால், 300-ஆல் வகுத்து, "61 சாயங்காலத்துக்குச் சுண்டல் வந்தாச்சு, இன்னும் 159 சாயங்காலம் இருக்கு" என்று அடுத்த வாரச் சந்தையில் பல்லவி தொடங்கும் முன் சொல்ல வேண்டும். மீதி 100 ரூபாயையும் அந்தக் கணக்குத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.